தலையணைக்கு அடியில் ஓர் எச்சரிக்கை மணி: காது கேளாத இருவருக்காகச் செய்த புகை அறிவிப்பான்

சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் தளத்தில் என் அத்தையும் மாமாவும் வசிக்கிறார்கள். இருவருக்கும் பிறவியிலேயே காது கேட்காது. அவர்கள் வீட்டுக் கூடத்தில் புகை எழுந்தால் மாமாவின் தலையணையும் அத்தையின் தோளுக்குக் கீழே உள்ள மெத்தை விரிப்பும் அதிர்ந்து, எதிர்ச்சுவரில் வெள்ளை விளக்கு பளிச்சிட்டு, வாசற்கதவுக்கு வெளியே அண்டை வீட்டாருக்குக் கேட்கும்படி ஹூட்டர் ஒலிக்கும் ஓர் அமைப்பை இப்போது பொருத்தி முடித்திருக்கிறோம். இருவரும் ஆழ்ந்து உறங்கும் நேரத்தில் அது அவர்களை எழுப்புகிறது என்பதைச் சோதித்துப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். வெளிநாட்டில் விற்கும் சான்றிதழ் பெற்ற தொகுப்பை வாங்க முடிந்தவர்கள் அதையே வாங்கலாம். விலையும், பழுதானால் உதிரிபாகம் கிடைக்காது என்ற அச்சமும்தான் எங்களை மின்னணு உதிரிகள் விற்கும் ரிட்சி தெருப் பக்கம் திருப்பின.

தொடக்கத்தில் மாமாவின் மனத்திலும் என் மனத்திலும் இருந்தது விளக்கு மட்டுமே. அவர்கள் வீட்டில் வாசல் மணியை அழுத்தினால் கூடத்திலும் சமையலறையிலும் பல்பு மினுங்கும். அதே ஏற்பாட்டைப் புகைக்கும் செய்துவிட்டால் போதும் என்று எண்ணினோம். ஆனால் விழித்திருப்பவர் கண்ணில் படும் விளக்கு வேறு, மூடிய இமையைத் தாண்டி ஒருவரை எழுப்பவேண்டிய விளக்கு வேறு. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டோரத்தி ப்ரக், இயன் தாமஸ் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், செவித்திறன் குறைந்தவர்களை உறக்கத்தில் வைத்துச் சோதித்தபோது, பளிச்சிடும் விளக்கு மட்டும் எழுப்பியது 27 விழுக்காட்டினரைத்தான். படுக்கை அதிர்வியும் தலையணை அதிர்வியும் ஏறத்தாழ 80 விழுக்காட்டினரை எழுப்பின. எல்லாவற்றையும் விட நன்றாக வேலை செய்தது 520 ஹெர்ட்ஸ் சதுர அலை ஒலி. அது 92 விழுக்காடு. ஆனால் அதில் பங்கேற்றவர்களுக்கு ஓரளவு செவித்திறன் எஞ்சியிருந்தது. அத்தைக்கும் மாமாவுக்கும் எந்த அலைவரிசையும் பயன்படாது என்பதால், எழுப்பும் வேலை அதிர்விக்கு, எழுந்தபின் காரணம் சொல்லும் வேலை விளக்குக்கு என்று பிரித்துக்கொண்டோம். இந்தப் பிரிவினை முடிவானதும் பணம் எதில் செலவாக வேண்டும் என்பதும் தெளிவாகிவிட்டது.

முதலில் வாங்கியது டிடெக்டர். 9 வோல்ட் பேட்டரி போட்டுக் கூரையில் ஒட்டிவிடும் தனி அலாரங்களை வேண்டாம் என்று ஒதுக்கினேன். அவற்றின் பேட்டரி தீரும்போது ஒரு நிமிடத்துக்கு ஒருமுறையோ அதற்குள்ளோ 'கீச்' என்று ஒலித்து அறிவிக்கும். கேட்கும் வீட்டில் அது தொல்லை, கேளாத வீட்டில் அப்படியோர் அறிவிப்பே இல்லை. கருவி செத்துக் கிடப்பது எவருக்கும் தெரியாமல் மாதக்கணக்கில் கூரையில் தொங்கும். ஆகவே ஒரே இடத்திலிருந்து மின்சாரம் பெறும் 12 வோல்ட் டிடெக்டர்களைத் தேடினேன். கடையில் 'ஸ்மோக் டிடெக்டர்' என்று மட்டும் கேட்டால், பெரும்பாலும் அலுவலகங்களில் ஃபயர் பேனலோடு இணைக்கும் 24 வோல்ட், இரண்டு கம்பி வகையையே எடுத்துத் தருகிறார்கள். அது புகை கண்டதும் பேனலிலிருந்து கூடுதல் மின்னோட்டத்தை இழுக்குமே தவிர, தனியே எதையும் இயக்கித் தராது. நமக்கு வேண்டியது நான்கு கம்பி வகை: இரண்டு கம்பிகள் மின்சாரத்துக்கு, இரண்டு கம்பிகள் புகை கண்டதும் தானே மாறும் சுவிட்சான ரிலேயின் தொடர்புக்கு. அடித்தட்டைத் திருப்பினால் சி, என்.ஓ., என்.சி. என்று முனைகளுக்கு மேல் அச்சிட்டிருக்க வேண்டும். அது இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

ரிலேயில் என்.சி. முனையையே பயன்படுத்தினேன். சாதாரண நிலையில் அது மூடி மின்சாரத்தை விடும், புகை வந்தால் திறந்து துண்டிக்கும். இரண்டு டிடெக்டர்களின் என்.சி. முனைகளையும் தொடராக இணைத்துவிட்டால் எது திறந்தாலும் அலாரம் அடிக்கும். எலி கடித்துக் கம்பி அறுந்தாலும் அலாரம் அடிக்கும். தேவையற்ற நேரத்தில் எழுப்பிவிடுமே என்று அத்தை தயங்கினார். அறுந்த கம்பியோடு அமைதியாகக் கிடப்பதைவிட அது மேல் என்று மாமா சைகையில் வாதாடி வென்றார். இவ்வகை டிடெக்டர் ஒருமுறை புகையைக் கண்டால் அதே நிலையில் நின்றுவிடும், மின்சாரத்தைத் துண்டித்துக் கொடுத்தால்தான் மீளும். அதனால் அவற்றுக்குச் செல்லும் கம்பியில், அழுத்தும்போது மட்டும் துண்டிக்கும் ஒரு பொத்தானை வைத்தேன்.

ஒன்று படுக்கையறைக் கூரையில், மற்றொன்று சமையலறைக்கும் படுக்கையறைக்கும் இடைப்பட்ட கூடத்தில். கூடத்து டிடெக்டரை அடுப்பிலிருந்து மூன்று மீட்டருக்கு மேல் தள்ளி வைத்தும், மிளகாய் வறுக்கும் நாளில் ஜன்னலைத் திறக்காவிட்டால் அது விழித்துக்கொள்கிறது. சமையலறைக்குள் புகை டிடெக்டர் கூடவே கூடாது. அங்கே வேண்டுமானால் 57 டிகிரி செல்சியஸில் இயங்கும் வெப்ப டிடெக்டரை அதே தொடரில் சேர்க்கலாம். படுக்கையறையில் மின்விசிறி பெரிய இடையூறு. சுழலும் காற்று புகையை டிடெக்டருக்குள் நுழைய விடாது என்பதால், இறக்கையின் நுனியிலிருந்து குறைந்தது 90 சென்டிமீட்டர் விலக வேண்டும். சுவரும் கூரையும் சேரும் மூலையில் காற்று தேங்குவதால் அங்கிருந்து 10 சென்டிமீட்டராவது விலக வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் இரண்டுக்கும் இடம் கொடுத்தால் கதவுக்கு மேலே ஒரு சிறு பகுதிதான் மிஞ்சியது. பொருத்திய அன்றே இரவில் அலாரம் அடித்தது. காரணம் கட்டிலுக்குக் கீழே புகைந்துகொண்டிருந்த கொசுவர்த்திச் சுருள். அதை நிறுத்தித் திரவ வகைக்கு மாறிய பிறகு படுக்கையறையில் பொய் அலாரம் வரவில்லை. வெள்ளிக்கிழமைச் சாம்பிராணிக்கு மட்டும் அத்தை படுக்கையறைக் கதவைச் சாத்திவிடுகிறார்.

இனி அதிர்வி. கைப்பேசிக்குள் இருக்கும் காசு வடிவ மோட்டார்கள் மலிவாகக் கிடைக்கின்றன. நான்கைச் சேர்த்து ஒரு பிளாஸ்டிக் தட்டில் ஒட்டி, தலையணை உறைக்குள் வைத்துப் பார்த்தேன். விழித்திருக்கும்போதே மாமா தலையைத் தூக்கி, ஓடுகிறதா இல்லையா என்று கேட்டார். அந்த மோட்டாரில் சுழலும் எடை மிகச் சிறியது. பஞ்சு அதை முழுவதுமாக விழுங்கிவிடுகிறது. பிறகு, காது கேளாதோருக்கான அலாரக் கடிகாரங்களோடு வரும் 12 வோல்ட் படுக்கை அதிர்விகள் இரண்டைத் தனியாக வரவழைத்தேன். உள்ளங்கை அளவு வட்டப் பெட்டி, உள்ளே ஒரு மோட்டார், அதன் அச்சில் ஒருபக்கம் கனத்த இரும்புத் துண்டு, அவ்வளவுதான். ஓடும்போது ஒவ்வொன்றும் 350 மில்லி ஆம்பியர் எடுத்தது. அவசரத்துக்கு, கார் இருக்கையில் விரிக்கும் 12 வோல்ட் மசாஜ் மெத்தையைப் பிரித்தாலும் இதே தன்மையுள்ள மோட்டார்கள் கிடைக்கும். ஆனால் அவற்றுக்கு உறுதியான உறை இல்லை, தலையின் பாரத்தில் எடை தட்டி நின்றுவிடும்.

அதிர்வி நன்றாக இருந்தும் முதல் சோதனை ஏமாற்றியது. பெரும்பாலான விளக்கப் படங்களில் அதை மெத்தைக்கு அடியில் செருகச் சொல்கிறார்கள். நாங்களும் ஒட்டுப்பலகைக்கும் தென்னை நார் மெத்தைக்கும் இடையே வைத்தோம். கட்டில் முழுவதும் கிடுகிடுத்தது, கீழ்வீட்டுக்காரர் என்ன சத்தம் என்று கேட்டார், ஆனால் மெத்தைமேல் படுத்திருந்த அத்தைக்கு மெல்லிய நடுக்கம் மட்டுமே தெரிந்தது. இறுக்கிய நார் அதிர்வைப் பக்கவாட்டில் பரப்பிவிடுகிறது, மேலே அனுப்புவதில்லை. இதை எண்ணால் ஒப்பிட, கைப்பேசியில் `phyphox` என்ற செயலியை நிறுவி, அதன் முடுக்கமானியைத் திறந்து, கைப்பேசியைத் தோள் படும் இடத்தில் வைத்துப் பார்த்தேன். மெத்தைக்கு அடியில் அதிர்வி இருந்தபோது உச்ச அளவு 0.5 மீ/வி² அருகே நின்றது. மெத்தைக்கு மேலே, மெல்லிய இலவம்பஞ்சு விரிப்புக்கு அடியில் வைத்தபோது 5ஐத் தாண்டியது. மோட்டாரின் வேகத்தை முழுவதும் பதிவுசெய்யும் அளவுக்குக் கைப்பேசியின் உணரி விரைவானது அல்ல. கைப்பேசியின் எடையும் அதிர்வை அடக்கும். ஆகையால் இந்த எண்கள் ஓர் இடத்தை மற்றோர் இடத்தோடு ஒப்பிட மட்டுமே உதவும். அதற்குமேல் அவற்றை நம்ப வேண்டாம்.

தலையணைக்கு அடியிலும் வைத்துப் பார்த்தோம். மாமா அசையாமல் மல்லாந்து உறங்குபவர்; அவருக்கு அது பொருந்தியது. அத்தையோ பாதி இரவில் தலையணையைக் கட்டிக்கொண்டு குறுக்காகப் படுப்பவர். காலையில் பார்த்தால் அதிர்வி சுவரோரம் கிடந்தது. மாமா தையற்காரராக வேலை பார்த்தவர் என்பதால் இதற்குத் தீர்வு அவரிடமிருந்தே வந்தது. கட்டிலின் அகலத்துக்கு ஒரு கித்தான் பட்டை தைத்து, அதன் இரு நுனிகளிலும் நாடா வைத்துக் கட்டில் சட்டத்தில் இழுத்துக் கட்டினார். பட்டையில் அத்தையின் தோளும் முதுகும் படும் இடத்தில் ஒரு பை. அதிர்வி அந்தப் பைக்குள் நுழைந்ததும் பையின் வாயை ஒட்டுப்பட்டையால் மூடிவிடலாம். கம்பி மட்டும் ஓரத்தில் விட்டிருக்கும் சிறு காஜா வழியே வெளியேறும். இந்தக் காஜா சிறிய விஷயமாகத் தோன்றலாம். அது வருவதற்கு முன் கம்பி பையின் விளிம்பில் மடிந்து, அதிர்வியின் கழுத்துப் பகுதியில் உறை வெடிக்கத் தொடங்கியிருந்தது. மாமாவின் அதிர்விக்கு இதேபோல் ஒரு பையைத் தலையணை உறையின் உட்புறம் தைத்தார். ஒரே கட்டிலில் இருவர் படுத்தாலும் ஆளுக்கொரு அதிர்வி வேண்டும். ஒன்று போதும் என்று எண்ணி அத்தை பக்கத்து அதிர்வியைக் கழற்றிச் சோதித்தபோது, மாமா எழுந்து அவரைத் தட்டும்வரை அத்தை அசையவில்லை.

இயக்கும் சுற்று எளியது. நிரல் எழுதி இயக்கும் ஓர் அர்டுய்னோ நானோ பலகை, அதிர்விக்கு ஒன்று வீதம் இரண்டும் விளக்குக்கு ஒன்றுமாகச் சுவிட்ச் போல இயங்கும் மூன்று மாஸ்ஃபெட்டுகள், ஹூட்டருக்கு ஒரு ரிலே. மாஸ்ஃபெட் வாங்கும்போது 5 வோல்ட் கொடுத்தாலே மின்சாரத்தை முழுவதும் கடத்தும் லாஜிக் லெவல் வகையாகக் கேட்க வேண்டும். மற்ற வகை பாதி கடத்தும் நிலையில் சூடேறும். ஒவ்வொரு மாஸ்ஃபெட்டின் கேட் முனைக்கும் தரைக்கும் இடையே 10 கிலோ ஓம் மின்தடை வைக்காவிட்டால், பலகை உயிர்பெறும் நொடியில் அதிர்வி ஒருமுறை குதிக்கும். மோட்டாருக்குக் குறுக்கே ஒரு டையோடு கட்டாயம்.

இந்தச் சுற்றில் நான் அதிக நேரம் செலவிட்டது அதிர்வியின் பிளக் கழன்றுவிட்டதை எப்படி அறிவது என்பதில்தான். விரிப்பு மாற்றும்போதும் கூட்டும்போதும் பிளக் கழல்வது இயல்பு. கழன்றது தெரியாமல் உறங்கினால் மொத்த ஏற்பாடும் வீண். விடை மோட்டாரின் சுருளிலேயே இருந்தது. மோட்டாரின் ஒரு முனை 12 வோல்ட்டிலும் மறுமுனை மாஸ்ஃபெட்டிலும் இருப்பதால், மாஸ்ஃபெட் மின்சாரத்தைக் கடத்தாதபோதும் சுருள் வழியாக அந்த மறுமுனைக்கு 12 வோல்ட் வந்து நிற்கும். அங்கிருந்து 33 கிலோ ஓம், அதன்பின் தரைக்கு 10 கிலோ ஓம் என்று இரண்டு மின்தடைகளைப் போட்டு, நடுப்புள்ளியை நானோவின் `A0` முனைக்குக் கொடுத்தால், பிளக் செருகியிருக்கும்போது ஏறத்தாழ 2.8 வோல்ட்டும் கழன்றால் சுழியமும் காட்டும். இதற்குச் செலவாகும் மின்னோட்டம் மில்லி ஆம்பியரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, மோட்டார் அசையாது. இரண்டாம் அதிர்வி `A1`, பேட்டரியின் வோல்ட் அளவு அதே மின்தடைகளோடு `A2`.

அதிர்வியைத் தொடர்ந்து ஓடவிடாமல், மூன்று அடி, ஓர் இடைவெளி என்ற டி-3 ஒழுங்கில் ஓட்டினேன். புகை அலாரங்கள் ஒலிக்கும் ஒழுங்கும் அதுவே: அரை விநாடி ஓட்டம், அரை விநாடி நிறுத்தம், மூன்றாவது ஓட்டத்துக்குப் பின் ஒன்றரை விநாடி நிறுத்தம். ஒரே சீராக ஓடும் அதிர்வுக்கு உடல் பழகிவிடும். மோட்டார் புறப்படும் ஒவ்வொரு முறையும் வரும் உதறல்தான் உறுத்துகிறது. நிரலின் முழு உடலும் இவ்வளவே. ஹூட்டர் ரிலேக்கான ஒரு வரியை மட்டும் விட்டிருக்கிறேன்.

```
const int DET = 2, SHK1 = 9, SHK2 = 10, LAMP = 11;
const int GREEN = 6, RED = 7;

void setup() {
  pinMode(DET, INPUT_PULLUP);
  pinMode(SHK1, OUTPUT);
  pinMode(SHK2, OUTPUT);
  pinMode(LAMP, OUTPUT);
  pinMode(GREEN, OUTPUT);
  pinMode(RED, OUTPUT);
}

void loop() {
  bool fire = digitalRead(DET) == HIGH;
  unsigned long t = millis() % 4000;
  bool on = t < 500 || (t >= 1000 && t < 1500)
                    || (t >= 2000 && t < 2500);
  digitalWrite(SHK1, fire && on);
  digitalWrite(SHK2, fire && on);
  digitalWrite(LAMP, fire && (millis() % 1000 < 100));

  bool bad = analogRead(A0) < 300 || analogRead(A1) < 300
          || analogRead(A2) < 560;
  digitalWrite(RED, bad && !fire);
  digitalWrite(GREEN, millis() % 3000 < 200);
}
```

கடைசி வரியில் உள்ள பச்சை விளக்கு மூன்று விநாடிக்கு ஒருமுறை சிமிட்டும். நிரல் எங்காவது சிக்கி நின்றால் பச்சை ஒன்று அணைந்தே இருக்கும் அல்லது எரிந்தே இருக்கும். சிமிட்டினால் மட்டுமே நலம். சிவப்பு எரிந்தால் அதிர்வி கழன்றிருக்கிறது அல்லது பேட்டரி 11.8 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருக்கிறது. பெட்டியைக் கதவுக்குப் பின்னால் மறைவாக வைக்க நினைத்திருந்தேன். அத்தை அதைப் படுக்கையறை விளக்கு சுவிட்சுக்கு அருகில் மாற்றச் சொன்னார். உறங்கப்போகும்போது கை தானாகப் போகும் இடம் அது, அப்போது பச்சையையும் பார்த்துவிடலாம் என்பது அவர் கணக்கு.

விளக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். திருட்டு அலாரங்களுக்கு விற்கும் சிவப்பு, நீல மின்னல் விளக்குகளின் மேல் ஒளிச்செறிவு எத்தனை கேண்டெலா என்று எழுதியிருப்பதே இல்லை. தீ எச்சரிக்கை அமைப்புகளுக்கான அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ. 72 விதித்தொகுப்பு, உறங்கும் அறையில் 110 கேண்டெலா கேட்கிறது. விளக்கு கூரையிலிருந்து 24 அங்குலத்துக்குள் இருந்தால் 177 கேட்கிறது, ஏனெனில் புகை முதலில் கூரையடியில்தான் திரண்டு விளக்கை மறைக்கும். சூரியமின் கடைகளில் கிடைக்கும் 12 வோல்ட், 20 வாட் எல்.இ.டி. ஃப்ளட் விளக்கைத் தொடர்ந்து எரியவிட்டு, இரண்டு மீட்டர் தொலைவில் அளந்தபோது 150 லக்ஸ் வந்தது. தொலைவின் வர்க்கமான நான்கால் பெருக்கினால் 600 கேண்டெலா. ஆனால் பத்தில் ஒரு விநாடி மட்டும் பளிச்சிடும் ஒளியைக் கண் அதில் மூன்றில் ஒரு பங்காகவே உணரும் என்பது ப்ளாண்டெல்–ரே வாய்பாட்டின் கணக்கு, ஆக 200. இன்றைய விதிகள் பளிச்சிடும் நேரத்தை இதைவிடக் குறுக்கச் சொல்கின்றன, அந்த அளவுகோலில் என் விளக்கு தேறாது. எழுப்பும் பொறுப்பு அதற்கு இல்லை என்பதால் விட்டுவிட்டேன். ஒன்றை மட்டும் வாங்குமுன் பார்க்க வேண்டும்: சில ஃப்ளட் விளக்குகள் மெதுவாக ஒளி ஏறி மெதுவாக அணையும், கைப்பேசியின் மந்தவேகக் காணொளியில் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். விநாடிக்கு இரண்டு முறைக்கு மேல் பளிச்சிட வைக்கக் கூடாது, வலிப்பு வரும் வாய்ப்புள்ளவர்களுக்கு அது ஆபத்து. விளக்கைக் கூரையிலிருந்து முக்கால் மீட்டர் இறக்கி, கட்டிலின் கால்மாட்டுச் சுவரில் முகத்தை நோக்கிப் பொருத்தினேன்.

பேட்டரியின் அளவை முடிவுசெய்தது 2023 டிசம்பர். மிக்ஜாம் புயலின்போது நகரின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. மெழுகுவத்தியும் மண்ணெண்ணெய் விளக்கும் எரியும் அந்த இரவுகள்தான் தீ விபத்துக்கு ஏற்றவை. அமைதி நிலையில் மொத்த அமைப்பும் 48 மில்லி ஆம்பியர் எடுக்கிறது. 1.3 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு நாளில் தீர்ந்துவிடும். 7 ஆம்பியர்-மணி எஸ்.எம்.எஃப். பேட்டரி, முழுத் திறனையும் தராது என்று கழித்துக்கொண்டாலும், நான்கு நாள் தாங்கும். அதைச் சார்ஜ் செய்ய 12 வோல்ட், 1 ஆம்பியர் எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை எடுத்து, அதன் திருகைத் திருப்பி, இடையிலுள்ள டையோடைத் தாண்டிய பின் 13.6 வோல்ட் வரும்படி வைத்தேன். பேட்டரியின் முனையிலேயே 5 ஆம்பியர் ஃப்யூஸ் இருக்கிறது. நானோவுக்கு இந்த 13.6 வோல்ட்டை நேரே கொடுத்தால் அதன் மேலுள்ள ரெகுலேட்டர் கொதிக்கும். சிறு பக் கன்வெர்ட்டர் வழியே 5 வோல்ட் ஆக்கிக் கொடுப்பது நல்லது.

முதல் சோதனை பகலில் ஊதுவத்தியால் நடந்தது. டிடெக்டருக்கு ஒரு சாண் கீழே பிடித்தால் அரை நிமிடத்துக்குள் ரிலே திறந்தது. ஆனால் சாய்ந்து படுத்தபடி விழித்திருப்பவர் 'தெரிகிறது' என்று சொல்வதற்கும் உறங்குபவர் எழுவதற்கும் தொடர்பில்லை. இருவரின் ஒப்புதலோடு, எந்த இரவு என்று சொல்லாமல், அவர்கள் உறங்கி இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனபின் கூடத்திலிருந்து தொடர்பைத் துண்டித்துப் பார்த்தேன். மாமா முதல் மூன்று அடிகள் முடியுமுன் உட்கார்ந்துவிட்டார். அத்தை, கித்தான் பட்டை வருவதற்கு முன் எழவே இல்லை. வந்தபின் நான்கைந்து சுற்றுகளுக்குள் எழுந்தார். எழுந்தவர் விளக்கைப் பார்த்ததும், வாசலுக்குப் போகாமல், கூடத்துப் பக்கம் திரும்பினார். பல்பு மினுங்கினால் வாசல், ஃப்ளட் பளிச்சிட்டால் புகை என்ற வேறுபாடு தூக்கக் கலக்கத்திலும் நின்றது அங்கே உறுதியாயிற்று. வாசலுக்கு வெளியே உள்ள ஹூட்டரை முன்கூட்டியே சொல்லிவைத்த எதிர்வீட்டார் கேட்டுக் கதவைத் திறந்தார்கள்; தொலைபேசியில் 101ஐ அழைத்துப் பேச முடியாத இருவருக்கு அந்தக் கதவு திறப்பதும் இந்த அமைப்பின் ஒரு பாகம்தான்.

செலவு: டிடெக்டர்கள் இரண்டும் 2,400 ரூபாய், அதிர்விகள் இரண்டும் தபால் செலவோடு 4,600, பேட்டரியும் சார்ஜரும் 1,500, ஃப்ளட் விளக்கு 550, ஹூட்டர் 250, நானோவும் சில்லறை உதிரிகளும் பெட்டியும் 1,100. மொத்தத்தில் பத்தாயிரத்து நானூறு. கித்தானும் நாடாவும் மாமாவின் பெட்டியிலிருந்தே வந்தன.

அடுத்த முறை இரண்டை மாற்றுவேன். அதிர்விகளோடு வரும் 3.5 மி.மீ. பிளக்குகளை முதலிலேயே வெட்டிவிட்டு, திருகி இறுக்கும் வகையைப் போடுவேன். சிவப்பு விளக்கு எரிந்த ஒவ்வொரு முறையும் குற்றவாளி அந்தப் பிளக்தான். மற்றொன்று இதைவிட முக்கியமானது. டிடெக்டர்களுக்குப் போகும் மின்கம்பி மட்டும் அறுந்தால் இப்போதுள்ள சுற்று காட்டிக்கொடுக்காது: என்.சி. தொடர்பு மூடியே இருக்கும், பச்சை சிமிட்டிக்கொண்டே இருக்கும், டிடெக்டர் மட்டும் செத்திருக்கும். அந்த மின்கம்பியின் கடைக்கோடியில், கடைசி டிடெக்டரைத் தாண்டி, ஒரு சிறு 12 வோல்ட் ரிலேயை நிரந்தரமாக இழுத்தபடி வைத்து, அதன் தொடர்பையும் என்.சி. தொடரில் கோத்துவிட்டால், மின்சாரம் நின்றதும் ரிலே விழுந்து அலாரம் அடிக்கும். மீட்கும் பொத்தானை அழுத்தும் நொடியில் அதிர்வி ஒருமுறை உதறும், அது பரவாயில்லை. ரிலே எடுக்கும் 30 மில்லி ஆம்பியரால் பேட்டரி தாங்கும் காலம் நான்கு நாளிலிருந்து இரண்டரை நாளாகக் குறையும் என்பதால், குறைந்த மின்னோட்டத்தில் இழுக்கும் ரிலே கிடைக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். அது கிடைக்கும்வரை, டிடெக்டரின் முகத்தில் உள்ள சிறு சிவப்புப் பொட்டு மினுங்குகிறதா என்று மாமா தினமும் அண்ணாந்து பார்த்துக்கொள்கிறார்.